விரலை எடுத்தும் நிற்காத கார்: போனில் ஓடும் புளூடூத் ரோபோவுக்கு அரை விநாடி பாதுகாப்பு

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடி. நண்பர்கள் இருவர் வார இறுதியில் உட்கார்ந்து செய்த குட்டி ரோபோ காரை முதன்முறையாக ஓட விடுகிறார்கள். போனில் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் முன்னே போகிறது, விரலை எடுத்தால் நிற்கிறது. இடம், வலம் எல்லாம் சரி. கார் தண்ணீர் தொட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போகிறது. அங்கேதான் மாடிப்படி இருக்கிறது.

"டேய், நிறுத்துடா!"

"விரலை எப்பவோ எடுத்துட்டேன் மச்சான், அது நிக்க மாட்டேங்குது!"

அடுத்து கேட்பது பிளாஸ்டிக் படியில் உருளும் சத்தம்.

கார் பழுதாகவில்லை. போனும் சரியாகத்தான் இருக்கிறது. நிரலிலும் எழுத்துப்பிழை ஏதும் இல்லை. கட்டளை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று காருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், கட்டளை வராமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

காருக்குள் என்ன இருக்கிறது?

இந்த வகைக் கார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும். மூளையாக ஆர்டுயினோ ஊனோ போர்டு. போனுடன் பேச HC-05 என்ற புளூடூத் மாட்யூல். மோட்டார்களுக்கு மின்சாரத்தைத் திறந்து மூட L298N என்ற மோட்டார் டிரைவர். பிறகு கடைகளில் 'பி.ஓ. மோட்டார்' என்று கேட்டால் தருகிற மஞ்சள் நிற கியர் மோட்டார்கள் இரண்டோ நான்கோ, சக்கரங்கள், பேட்டரி. சென்னை ரிச்சி தெருவில் ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம்.

ஆப்பிள் போன் வைத்திருப்பவர்கள் இங்கேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். HC-05 பேசுவது பழைய வகைப் புளூடூத். அதன் சீரியல் இணைப்பை ஐபோன் ஆப்கள் பயன்படுத்த முடியாது. அவர்களுக்கு HM-10 போன்ற குறைந்த மின்சக்திப் புளூடூத் மாட்யூல் தேவை. கீழே சொல்லப்படும் பாதுகாப்பு முறை இரண்டுக்கும் பொருந்தும்.

போனுக்கும் காருக்கும் இடையே நடக்கும் உரையாடல் ரொம்ப எளிமையானது. ஒரு கட்டளைக்கு ஓர் ஆங்கில எழுத்து. `F` வந்தால் முன்னே, `B` வந்தால் பின்னே, `L` இடம், `R` வலம், `S` வந்தால் நில். நீளமான வார்த்தைகள் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. `FORWARD` என்று அனுப்பினால் பாதி வார்த்தை மட்டும் வந்து சேர்ந்தால் என்ன செய்வது, வார்த்தை எங்கே முடிகிறது என்றெல்லாம் கார் யோசிக்க வேண்டும். ஒற்றை எழுத்து என்றால் வந்தது, இல்லை வரவில்லை. பாதி வருவது என்ற பேச்சே இல்லை.

இதைப் படித்து இயக்க, முதல்முறை செய்கிறவர்கள் எழுதும் நிரல் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
void loop() {
  if (bt.available()) {
    drive(bt.read());
  }
}
```

புளூடூத்தில் ஓர் எழுத்து வந்திருந்தால் அதைப் படி, அதற்கேற்ப மோட்டாரை இயக்கு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மேசை மேல் வைத்துச் சோதித்தால் நூற்றுக்கு நூறு வேலையும் செய்யும்.

பிறகு ஏன் நிற்கவில்லை?

ஆர்டுயினோவின் ஒரு பின்னை `HIGH` என்று வைத்தால், யாராவது வந்து `LOW` என்று மாற்றும்வரை அது அப்படியேதான் இருக்கும். வீட்டில் ஃபேன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருப்பது போல. ஒரு முறை `F` வந்துவிட்டால் மோட்டார் ஓடும். அதை நிறுத்த இன்னொரு செய்தி, அதாவது `S`, வந்தே ஆக வேண்டும்.

மொட்டை மாடியில் நடந்தது இதுதான். கார் தொட்டிக்குப் பின்னால் போனது. புளூடூத் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செல்பவை. கான்கிரீட்டும், அதைவிட முக்கியமாகத் தண்ணீரும் அந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். விரலை எடுத்ததும் போன் `S` அனுப்பத்தான் முயன்றது. அது காருக்குப் போய்ச் சேரவில்லை. காரைப் பொறுத்தவரை கடைசியாகக் கேட்ட வார்த்தை 'முன்னே போ'. அது சொன்ன பேச்சைக் கேட்டது.

"இணைப்பு அறுந்தால் புளூடூத் மாட்யூலுக்கே தெரியுமே, அதை வைத்து நிறுத்தலாமே" என்று இந்த இடத்தில் பலருக்கும் தோன்றும். HC-05-இல் `STATE` என்று ஒரு பின் உண்டு, இணைப்பு இருந்தால் அதில் மின்னழுத்தம் இருக்கும். அதைப் படித்தால் போதாதா?

போதாது. புளூடூத் இணைப்பில் எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை என்றால், 'ஆள் போய்விட்டார்' என்று முடிவுகட்ட ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. பழைய வகைப் புளூடூத்தில் தரநிலை சொல்லும் இயல்பான அளவு 20 விநாடி. தற்காலிகமாகச் சிக்னல் மங்கினால் உடனே இணைப்பைத் துண்டிக்காமல் இருக்க அது வசதி. பாட்டு கேட்கும் ஹெட்செட்டுக்கு அந்தப் பொறுமை நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு?

கணக்குப் போட்டே பார்க்கலாம். சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 20 சென்டிமீட்டர் நகரும். மோட்டார், காரின் எடையைச் சுமந்துகொண்டு நிமிடத்துக்கு 150 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு இரண்டரை சுற்று, அதாவது அரை மீட்டர். 20 விநாடியில் 10 மீட்டர். இணைப்பு போய்விட்டது என்று மாட்யூல் ஒப்புக்கொள்வதற்குள் கார் மாடியைக் கடந்து படியில் பாதி இறங்கியிருக்கும்.

'போ' என்பதை அரை விநாடி வாடகைக்கு விடுங்கள்

தீர்வு பழையதுதான். மின்சார ரயிலின் ஓட்டுநர் ஒரு கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும், கை நழுவினால் பிரேக் விழும் என்ற ஏற்பாடு உண்டு. ஆங்கிலத்தில் 'டெட் மேன்ஸ் ஹேண்டில்' என்பார்கள். ஓட்டுநர் மயங்கி விழுந்தாலும் ரயில் நிற்கும். அதாவது, நிற்க வைக்க எந்தச் செயலும் தேவையில்லை. ஓட வைக்கத்தான் தொடர்ந்து ஒரு செயல் தேவை.

அதையே காரில் செய்யலாம். `F` என்பதற்குப் பொருள் 'முன்னே போ' அல்ல, 'அடுத்த அரை விநாடிக்கு மட்டும் முன்னே போ' என்று மாற்றிவிட வேண்டும். தொடர்ந்து போக வேண்டும் என்றால் போன் அந்த அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், விநாடிக்குப் பத்து முறை `F F F F` என்று. தொட்டிக்குப் பின்னால் போய் சிக்னல் மறைந்ததா? புதுப்பிப்பு வராது. அரை விநாடியில் கார் தானாக நிற்கும். இதைத்தான் பாதுகாப்பு டைம்அவுட் என்கிறார்கள்.

நிரலில் இது சில வரிகள்தான்:

```
const unsigned long LIMIT = 500;
unsigned long lastCmd = 0;

bool valid(char c) {
  return c=='F' || c=='B' || c=='L'
      || c=='R' || c=='S';
}

void loop() {
  char latest = 0;
  while (bt.available()) {
    char c = bt.read();
    if (valid(c)) latest = c;
  }
  if (latest) {
    drive(latest);
    lastCmd = millis();
  }
  if (millis() - lastCmd >= LIMIT) {
    drive('S');
  }
}
```

`millis()` என்பது போர்டு உயிர்பெற்றதிலிருந்து ஓடும் மில்லிவிநாடிக் கடிகாரம். சரியான கட்டளை வரும்போதெல்லாம் அந்த நேரத்தை `lastCmd`-இல் குறித்துக்கொள்கிறோம். கடைசிக் கட்டளை வந்து 500 மில்லிவிநாடி ஆகிவிட்டால், யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுகிறோம். `setup()` முடியும்போதும் ஒரு முறை `drive('S')` சொல்லிவிடுவது நல்லது. கார் விழிக்கும்போது நின்ற நிலையில் விழிக்கட்டும்.

நேரத்தைக் கழித்துப் பார்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. `millis() > lastCmd + LIMIT` என்று கூட்டியும் எழுதலாம், ஆனால் அந்தக் கடிகாரம் சுமார் 49.7 நாளில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்போது அந்தக் கணக்கு குழம்பும். கழித்தால் குழம்பாது. வார இறுதிக் கார் 50 நாள் தொடர்ந்து ஓடப்போவதில்லைதான். இருந்தாலும் இதே வரியை நாளைக்கு வேறொரு கருவியில் ஒட்டப்போவதும் நாம்தான்.

எல்லா எழுத்தையும் நம்பலாமா?

மேலே உள்ள நிரலில் `valid` என்ற சோதனை எதற்கு? அது இல்லாவிட்டால் எந்தக் குப்பை எழுத்து வந்தாலும் டைம்அவுட் கடிகாரம் புதுப்பிக்கப்பட்டுவிடும். பல ஆப்கள் ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னும் கண்ணுக்குத் தெரியாத 'புதிய வரி' குறியையும் அனுப்பும். மாட்யூலிலிருந்து போர்டுக்கு வரும் ஒயர் தளர்ந்து ஆடினால் மோட்டார் இரைச்சலே எழுத்துகளைப் போலப் பதிவாகும். இதையெல்லாம் 'போன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது' என்று கார் எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுமதியைப் புதுப்பிக்கும் உரிமை தெரிந்த ஐந்து எழுத்துகளுக்கு மட்டும்தான்.

டைம்அவுட் இருந்தும் நிற்காத கார்

இனி சொல்லப்போவதுதான் பலரையும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது. டைம்அவுட் எழுதியாகிவிட்டது, மேசையில் சரியாக வேலை செய்கிறது. ஆனால் தரையில் விட்டால் விரலை எடுத்த பிறகும் பல விநாடிகள் ஓடுகிறது. சில சமயம் ஏற்கெனவே திரும்பிய திருப்பத்தை இப்போது திரும்புகிறது, ஏதோ பழைய நினைவில் ஓடுவது போல. 

உண்மையிலேயே அது பழைய நினைவுதான். போனிலிருந்து வரும் எழுத்துகள் நேராக நிரலுக்கு வருவதில்லை. முதலில் பஃபர் என்ற வரிசையில் நிற்கின்றன. ஊனோவில் இந்த வரிசை 64 எழுத்து நீளம். ரேஷன் கடை வரிசை மாதிரி, முதலில் வந்தவருக்குத்தான் முதலில் சரக்கு.

ஆப் 100 மில்லிவிநாடிக்கு ஒரு `F` அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நிரலில் `while` என்று எழுதாமல் `if` என்று எழுதியிருக்கிறார்கள், அதாவது ஒரு சுற்றுக்கு ஓர் எழுத்துதான் படிக்கப்படுகிறது. சுற்றின் கடைசியில் வேறு எதற்காகவோ `delay(200)` இருக்கிறது. இப்போது விநாடிக்குப் பத்து எழுத்து வருகிறது, ஐந்துதான் படிக்கப்படுகிறது. வரிசை விநாடிக்கு ஐந்து வீதம் நீள்கிறது. 12, 13 விநாடி பட்டனைப் பிடித்தாலே பஃபர் நிரம்பிவிடும்.

இப்போது விரலை எடுக்கிறீர்கள். `S` வருகிறது. வரிசையில் இடமில்லை என்றால் அது கீழே விழுந்துவிடும், இடம் இருந்தால் 60 `F`-களுக்குப் பின்னால் போய் நிற்கும். 60 எழுத்து, எழுத்துக்கு 200 மில்லிவிநாடி என்றால் 12 விநாடி. அந்த 12 விநாடியும் கார் ஓடும். டைம்அவுட் ஏன் காப்பாற்றவில்லை? வரிசையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பழைய `F`-ம் புத்தம்புதுக் கட்டளை போலக் கடிகாரத்தைப் புதுப்பிக்கிறது. காருக்கு, அந்த எழுத்து எப்போது அனுப்பப்பட்டது என்று தெரியாது. எப்போது படித்தோம் என்பதுதான் தெரியும்.

அதனால்தான் மேலே உள்ள நிரலில் `while` வைத்து வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் காலி செய்து, கடைசியாக வந்த எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். முந்தைய `F`-கள் எல்லாம் பழைய செய்தித்தாள். தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதோடு `delay()`-ஐயும் `loop()`-இலிருந்து விரட்ட வேண்டும். `delay(1000)` என்று எழுதினால் அந்த ஒரு விநாடி கார் எதையும் கேட்காது, டைம்அவுட்டையும் பார்க்காது. 500 மில்லிவிநாடி என்று எழுதிவைத்த பாதுகாப்பு உண்மையில் ஒன்றரை விநாடிவரை நீளலாம். இதைவிட நைசாக ஒளிந்திருப்பது `pulseIn()`. முன்னால் தடை இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசோனிக் சென்சார் பொருத்துகிறவர்கள் இதைப் பயன்படுத்துவார்கள். எதிரொலி வரவில்லை என்றால் அது தானாக ஒரு விநாடி காத்திருக்கும். சென்சார் ஒயர் கழன்றுவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விநாடி போச்சு. பாதுகாப்புக்காக வைத்த சென்சாரே பாதுகாப்பைக் கெடுக்கும். `pulseIn(ECHO, HIGH, 20000)` என்று மூன்றாவதாக ஓர் உச்சவரம்பைக் கொடுத்தால் 20 மில்லிவிநாடியில் கைவிட்டுத் திரும்பிவிடும். மூன்று மீட்டர் தூரம்வரை பார்க்க அந்த நேரமே போதும்.

500 என்ற எண் எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து வரவில்லை, ஆனால் எல்லாருக்கும் அதுவே சரி என்றும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்து முடிவு செய்ய வேண்டிய எண் அது.

ஒரு பக்கம் தூரம். விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் காரில் 500 மில்லிவிநாடி என்றால் 25 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடும், அதற்கு மேல் மோட்டார் நின்றபின் சறுக்கும் தூரம். உணவு மேசை மேல் ஓட்டினால் அது அதிகம், மாடியில் ஓட்டினால் பரவாயில்லை.

இன்னொரு பக்கம் இணைப்பின் இயல்பு. ஆப் 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறை அனுப்பினாலும் காருக்கு அதே சீராக வந்து சேராது. பக்கத்தில் வைஃபை அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, போன் நடுவில் வேறு வேலை பார்க்கிறது, தொலைந்த செய்தியைப் புளூடூத் மறுபடி அனுப்புகிறது. சில எழுத்துகள் தாமதமாக, சில சேர்ந்தாற்போல வரும். டைம்அவுட்டை 150 என்று வைத்தால் கார் சும்மா சும்மா நின்று நின்று போகும். ஓட்டுகிறவர் எரிச்சலில் அந்த வரியையே அழித்துவிடுவார். பாதுகாப்பு அம்சங்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

அளந்து பார்ப்பதே நல்லது. புதுக் கட்டளை வந்ததும், `lastCmd`-ஐ மாற்றுவதற்கு முன், இந்த வரிகளைச் சேர்க்கலாம் (`worst`-ஐ மேலே `lastCmd`-க்குப் பக்கத்திலேயே `unsigned long worst = 0;` என்று அறிவித்துவிடுங்கள்):

```
unsigned long gap = millis() - lastCmd;
if (gap > worst && gap < 3000) {
  worst = gap;
  Serial.println(worst);
}
```

காரை லேப்டாப்புடன் இணைத்து மேசையில் வையுங்கள். சக்கரங்கள் தரையில் படாதபடி அடியில் ஒரு டிபன் பாக்ஸ். பட்டனைப் பிடித்தபடி நீங்கள் போனோடு வீட்டுக்குள் நடந்து பாருங்கள், கார் வழக்கமாகப் போகும் தூரம்வரை. நடுவில் விரலை எடுக்க வேண்டாம். திரையில் தெரியும் கடைசி எண்தான், இரண்டு கட்டளைகளுக்கு இடையே விழுந்த மிகப் பெரிய இடைவெளி. அது 200 என்று வந்தால் 400 அல்லது 500 வைக்கலாம். 900 என்று வந்தால் டைம்அவுட்டைக் கூட்டுவதற்கு முன் இணைப்பைப் பாருங்கள். மாட்யூலின் ஆன்டெனா முனை மோட்டார் ஒயர்களுக்கோ பேட்டரிக்கோ அடியில் புதைந்திருக்கலாம்.

இந்த அளவீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊனோவின் 0, 1 பின்கள் லேப்டாப்புடன் பேசவும் தேவை என்பதால், HC-05-ஐ அவற்றில் செருகாமல் `SoftwareSerial bt(10, 11);` என்று வேறு பின்களில் வைத்துக்கொள்ள வேண்டும். 9600 வேகம் போதும். ஊனோவின் 11-ஆம் பின்னிலிருந்து மாட்யூலின் `RXD`-க்குப் போகும் 5 வோல்ட்டை, ஒரு 1 கிலோஓம், ஒரு 2 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பதும் வழக்கம்.

போன் பக்கத்தில் இருக்கும் ஓட்டை

இதுவரை சொன்னது எல்லாம் கார் பக்கம். ஆனால் கார் எவ்வளவு கவனமாக இருந்தாலும், போன் பொய் சொன்னால் என்ன செய்வது?

சில ரிமோட் ஆப்கள் பட்டனை அழுத்தும்போது ஒரு `F`, விடும்போது ஒரு `S`, அவ்வளவுதான் அனுப்பும். அவற்றோடு இந்த நிரலைப் போட்டால் கார் அரை விநாடி ஓடி நின்றுவிடும். கார் செய்வது சரி, மாற்ற வேண்டியது ஆப்பை. பிடித்திருக்கும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும் ஆப் வேண்டும். எம்.ஐ.டி. ஆப் இன்வென்டரில் இதை அரை மணி நேரத்தில் சொந்தமாகவே செய்துவிடலாம். ஒரு மாறி, தொடக்க மதிப்பு `S`. பட்டனின் `TouchDown`-இல் அதை `F` ஆக்குங்கள், `TouchUp`-இல் மறுபடி `S`. ஒரு `Clock` சேர்த்து `TimerInterval`-ஐ 100 என்று வைத்து, ஒவ்வொரு தடவையும் அந்த மாறியின் மதிப்பை `BluetoothClient` வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஓட்டை. பட்டனைப் பிடித்திருக்கும்போது ஒரு போன்கால் வருகிறது. திரை மாறிவிடுகிறது. விரலை எடுத்தாலும் ஆப்புக்கு `TouchUp` செய்தி வராமலேயே போகலாம். மாறியில் இன்னும் `F`. கடிகாரம் பின்னணியில் ஓடிக்கொண்டே விநாடிக்குப் பத்து `F` அனுப்புகிறது. காருக்கோ எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும். ரயில் ஓட்டுநர் கைப்பிடியில் செங்கல்லைக் கட்டி வைத்துவிட்டுத் தூங்கப்போனது போலத்தான் இது.

ஆப் இன்வென்டரின் `Clock`-இல் `TimerAlwaysFires` என்று ஒரு டிக் இருக்கிறது. ஆப் திரையில் இல்லாதபோதும் கடிகாரம் ஓட வேண்டுமா என்பது அதற்குப் பொருள். இயல்பாகவே அது 'ஆம்' என்று இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். திரை மாறியதும் ஆப் வாயை மூடும், அரை விநாடியில் கார் நிற்கும். ஆண்ட்ராய்டில் நேரடியாக நிரல் எழுதுகிறவர்கள் `ACTION_UP` போலவே `ACTION_CANCEL` வந்தாலும், `onPause()` வந்தாலும் அனுப்புவதை நிறுத்த வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

போனில் புளூடூத்தை அணைத்துப் பார்த்து, "நின்னுடுச்சு, சரியா இருக்கு" என்று முடித்துவிடுகிறவர்கள் அதிகம். அதில் ஒரு சிக்கல். புளூடூத்தை அணைக்கும்போது போன் முறைப்படி விடைபெற்றுக்கொண்டுதான் போகும், ஆப்பும் போகிற போக்கில் ஒரு `S` அனுப்பிவிட்டிருக்கலாம். நிஜ விபத்தில் யாரும் விடைபெறுவதில்லை.

சக்கரங்களை டிபன் பாக்ஸ் மேல் தூக்கி வைத்துவிட்டு, பட்டனைப் பிடித்தபடியே மாட்யூலின் `TXD` பின்னிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்குங்கள். அரை விநாடியில் சக்கரம் நிற்க வேண்டும். மறுபடி செருகினால், பட்டன் இன்னும் பிடித்திருப்பதால் ஓடத் தொடங்கும். அடுத்து பட்டனைப் பிடித்திருக்கும்போதே இன்னொரு போனிலிருந்து கால் செய்யச் சொல்லுங்கள். அதற்கடுத்து, அரை நிமிடம் விடாமல் பிடித்திருந்து சட்டென்று விரலை எடுங்கள். முதல் விநாடியில் எடுத்தால் நிற்கும் வேகத்திலேயே இப்போதும் நின்றால் வரிசையில் தேக்கம் இல்லை. தாமதம் தெரிந்தால் எங்கோ ஒரு `delay()` ஒளிந்திருக்கிறது.

நிற்பதிலும் இரண்டு வகை உண்டு. L298N-இல் `EN` பின்னை அணைத்தால் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும், சக்கரம் தன் வேகத்தில் சறுக்கி அடங்கும். `EN`-ஐ அப்படியே விட்டு ஒரு மோட்டாரின் இரண்டு `IN` பின்களையும் ஒரே நிலையில் வைத்தால், மோட்டார் தனக்குத் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். `drive('S')`-இல் இரண்டாவது வழியை எழுதினால் நிற்கும் தூரம் குறையும்.

மூளையே உறைந்துபோனால்?

டைம்அவுட்டைச் சரிபார்ப்பது நிரல். நிரலே எங்காவது சிக்கிக்கொண்டால் அந்த வரியும் ஓடாது. அதற்கு ஊனோவின் சிப்புக்குள்ளேயே நிரலைச் சாராமல் ஓடும் 'வாட்ச்டாக்' கடிகாரம் ஒன்று இருக்கிறது. `avr/wdt.h`-ஐச் சேர்த்து, `setup()`-இல் `wdt_enable(WDTO_1S)`, `loop()`-இல் `wdt_reset()` என்று எழுதினால், ஒரு விநாடி `loop()` சுற்றி வராவிட்டால் சிப் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். மலிவான நானோ போர்டுகள் சிலவற்றில் உள்ள பழைய பூட்லோடர் இதைத் தாங்காமல் மறுபடி மறுபடி ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். அப்படி நடந்தால் போர்டின் விளக்கு விடாமல் துடிப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ரீசெட் ஆகும் அந்தச் சிறு நேரத்தில் போர்டின் பின்கள் யாருக்கும் கட்டுப்படாமல் தொங்கும். நான்கு `IN` பின்களிலிருந்தும் தரைக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தால் அப்போதும் மோட்டார் அசையாது. மோட்டார்கள் ஒரே நேரத்தில் கிளம்பும்போது பேட்டரி மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆவது இந்தக் கார்களில் அடிக்கடி நடப்பது என்பதால், வாட்ச்டாக் வைக்காதவர்களுக்கும் இந்த நான்கு ரெசிஸ்டர்கள் பயன்படும்.

மோட்டார் டிரைவரே எரிந்து ஒட்டிக்கொண்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதற்குப் பேட்டரி ஒயரில் ஒரு ஸ்விட்ச் வேண்டும். காரின் அடியில் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் காரைக் குனிந்து பிடிக்கும்போது கட்டைவிரல் படும் இடத்தில்.